‘சார், நாலு வாரம் மட்டும்!’ - மாரத்தானுக்காக நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

ஒன்றரைப் பக்கத்துக்கு நான் அனுப்பிய மெயிலுக்கு, எங்கள் டெஸ்க் ஹெட் அனுப்பிய பதில் இரண்டே வரி.

‘எத்தனை நாள்? உங்க ஷிஃப்ட்டை யார் பார்ப்பாங்க?’

மொபைலில் அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எவ்வளவு உருகி எழுதியிருந்தேன்! ஓட்டம் என் வாழ்க்கையில் என்னவெல்லாம் மாற்றியது, 42 கிலோமீட்டர் ஓடி முடிப்பது எப்பேர்ப்பட்ட கனவு, ஓடுகிறவர்கள் ஆபீஸிலும் எப்படிச் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசி வரியில் ‘எனவே, டிசம்பர் வரை என் ஷிஃப்ட்டைக் கொஞ்சம் அனுசரித்துத் தந்தால் உதவியாக இருக்கும்’ என்று முடித்திருந்தேன். திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. அதில் சார் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. போதாததற்கு, நான் அனுப்பிய நாள் அக்டோபர் 22. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. யார் ஊருக்குப் போவது, யார் டெஸ்க்கில் உட்காருவது என்று ஆபீஸே சண்டை போட்டுக்கொண்டிருந்த வாரம். அந்த நேரத்தில் ‘எனக்கு ஓடணும்’ என்று ஒரு மெயில்!

நான் ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் ரிப்போர்ட்டர். எங்களுக்கு மூன்று ஷிஃப்ட். காலை 6 முதல் 2 வரை, பகல் 10 முதல் 6 வரை, மதியம் 3 முதல் இரவு 11 வரை. ஏழு பேர், வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் எனச் சுற்றி வருவோம். சும்மா அஞ்சு, பத்து கிலோமீட்டர் ஓடுகிற வரைக்கும் இது ஒரு பிரச்னையே இல்லை. பிரச்னை, மாரத்தான் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில்தான் வரும். அது எனக்கு 2023-லேயே நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், அந்த வருடம்தான் நான் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓடிப் பார்த்தேன்.

2024 ஜனவரி சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். லேட் ஷிஃப்ட் வாரங்களில் நாள் தவறிக்கொண்டே இருந்தது. தவறியதையெல்லாம் ஆஃப் நாளில் சேர்த்துவைத்து ஓடினேன். புதன்கிழமை ஓட வேண்டிய 14, வெள்ளிக்கிழமை ஓட வேண்டிய 8, இரண்டும் சேர்த்து ஒரே காலையில் 22. மூன்று மணி நேரத் தூக்கத்தில்! டிசம்பர் நடுவில் இடது கெண்டைக்கால் முன்பக்க எலும்பில் வலி. ஓட ஆரம்பித்த பலருக்கும் அந்த இடத்தில் வலிக்கும். எலும்பின் ஓரமாக நீளமாகப் பரவி வலித்தால், ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால், ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் ‘ஸ்ஸ்’ என்று உயிர் போனால், நடக்கும்போதும் வலித்தால், கதை வேறு. எனக்கு இரண்டாவது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ எடுத்த பிறகுதான், எலும்பில் விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை என்றார் டாக்டர். ஆறு வாரம் ஓடக் கூடாது. மாரத்தான் அன்று காலையில் நான் லைவ் அப்டேட் பக்கத்துக்குப் படம் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இந்த முறை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால், எதைக் கேட்பது என்று யோசிக்காமலேயே முதல் மெயிலை அனுப்பிவிட்டேன்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். எங்கள் ஓட்டக் குழுவில் பயிற்சி கொடுக்கும் அண்ணா ஒருவர், முன்பு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். போனில் அவர் சொன்னது இதுதான்: “உன் ஓட்டத்தை எழுது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, எந்த ஷிஃப்ட் இருந்தா இதை ஓடவே முடியாதுன்னு எழுது. அதை மட்டும் கேளு. மத்ததைக் கேட்காத.”

முதலில் எத்தனை வாரம் என்று பார்த்தோம். மாரத்தான் 2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து 18 வார பயிற்சி. ஆனால், 18 வாரமும் ஒரே மாதிரி கஷ்டம் இல்லை. கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவோம். ஏனென்றால், ஒரு நீண்ட ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதற்குப் பிறகு எவ்வளவு ஓடினாலும், மாரத்தான் அன்றைக்குக் களைப்புதான் மிஞ்சும். ஆக, கடைசிப் பெரிய ஓட்டம் டிசம்பர் 15. அதற்கு முந்தைய நாலு வாரம்தான் உச்சம். அதாவது, நவம்பர் 18 முதல் டிசம்பர் 15 வரை. ‘டிசம்பர் வரை’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருந்தேனே, அது 28 நாளாகச் சுருங்கிவிட்டது.

அந்த நாலு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்கள் 28, 30, 24, 32 கிலோமீட்டர். நான் மெதுவாக ஓடுகிறவள். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். 32 கிலோமீட்டர் என்றால் சரியாக நாலு மணி நேரம். இந்த தூரத்தைப் பிரித்துக் காலையில் பாதி, மாலையில் பாதி ஓட முடியாதா என்று அம்மா கேட்டார். முடியாது. உடம்பில் சேர்த்துவைத்திருக்கும் க்ளைக்கோஜன், பலருக்கும் 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரத் தொடங்கும். மாரத்தானில் கால் கல்லாகிப்போகும் இடம் அதுதான். களைத்த காலோடு தொடர்ந்து ஓடுவது எப்படி என்று உடம்பு பழக வேண்டும் என்றால், இடையில் உட்காரக் கூடாது. வெயிலும் காத்திருக்காது. நவம்பரிலும் சென்னையில் ஏழு மணிக்கு மேல் புழுக்கம் ஆளைப் பிழிந்துவிடும். அதனால் அதிகாலை மூன்றரைக்கு மெரினாவில் தொடங்கினால்தான் ஏழரைக்கு முடியும். மாரத்தானே அதிகாலை நாலு மணிக்கு நேப்பியர் பாலத்தில்தான் தொடங்குகிறது.

புதன்கிழமை 16 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். செவ்வாய், வெள்ளி எட்டு, பத்து. அவை எப்படியும் நடந்துவிடும்.

இப்போது பக்கத்தில் ஷிஃப்ட்டை எழுதினேன். புதன்கிழமை காலை ஷிஃப்ட் என்றால், ஐந்தேகாலுக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். குளித்துக் கிளம்ப முக்கால் மணி. அப்படியானால் ஓட்டத்தை இரண்டரைக்குத் தொடங்க வேண்டும். நடக்காது. சனிக்கிழமை லேட் ஷிஃப்ட் என்றால், வீட்டுக்கு வரவே நள்ளிரவு, தூங்க ஒரு மணி, ஞாயிறு மூன்றரைக்கு ஓட்டம். அதுதான் போன முறை எலும்பில் போய் முடிந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை ஆஃப் வேண்டுமா? இதைத்தான் நான் கண்டிப்பாகக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நோட்டில் எழுதிப் பார்த்தால், வேண்டாம்! ஏழரைக்கு ஓடி முடித்து, சாப்பிட்டு, பத்திலிருந்து ஒரு மணி வரை தூங்கினால், மூன்று மணி ஷிஃப்ட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் திங்கள் ஆஃப் என்றால் போதும். எங்கள் டெஸ்க்கில் யாருமே விரும்பாத ஷிஃப்ட், ஞாயிறு லேட் ஷிஃப்ட். அதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். கேட்கப்போன இடத்தில் கொடுப்பதற்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டு நவம்பர் 4 அன்று சாரை நேரில் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டார். “லேட் ஷிஃப்ட் போட்டா காலையில ஃப்ரீதானேம்மா? எல்லா நாளும் லேட் வாங்கிக்கோயேன்.” நியாயமான கேள்வி. ஒரு மணிக்குத் தூங்கினால் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும், தூங்கிவிட்டு எட்டு மணிக்குப் போனால் வெயிலில் 16 கிலோமீட்டர் என்று விளக்கினேன். தலையாட்டினார். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

“உன் பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்காங்களே, அவங்களுக்கு ஒரு வயசுல குழந்தை. ஷிஃப்ட் மாத்தித் தாங்கன்னு என்னைக் கேட்டாங்க. நான் பார்க்கலாம்னு சொல்லி எட்டு மாசம் ஆச்சு. உனக்கு ஓடறதுக்குக் குடுத்துட்டு, அவங்க முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது?”

எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

அன்று மதியம் கேன்டீனில் கேட்டேன். “எனக்கு 10 - 6தான் வேணும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எனக்கு காலை ஷிஃப்ட்தான் வசதி. மாமியார் மூணு மணி வரைக்கும் பார்த்துப்பாங்க. ரெண்டு மணிக்குக் கிளம்பினா நான் போய் வாங்கிப்பேன்” என்றார். தேனியிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். காலை ஷிஃப்ட் என்றால் அழுதுவிடுவான். “லேட் ஷிஃப்ட்டை எனக்குக் குடுத்துடுங்கக்கா. பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு அனுப்பிடுங்க” என்றான். என் காலை ஷிஃப்ட்கள் அக்காவுக்கு, லேட் ஷிஃப்ட்கள் தம்பிக்கு, அவர்களுடைய 10 - 6 எனக்கு. அரை மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் மூவருக்குமே பிடிக்காத ஒரு சுற்றில் இத்தனை நாள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று இரவு அனுப்பிய இரண்டாவது கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

*பொருள்: நவம்பர் 18 - டிசம்பர் 15, ஷிஃப்ட் மாற்றக் கோரிக்கை*

*மதிப்பிற்குரிய சார்,*

*நவம்பர் 18 முதல் டிசம்பர் 15 வரை நான்கு வாரங்களுக்கு மட்டும் என் ஷிஃப்ட்டைக் கீழ்க்கண்டவாறு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை 10 - 6, சனி காலை 6 - 2, ஞாயிறு மதியம் 3 - 11, திங்கள் வார விடுமுறை. வேலை நேரம் குறையவில்லை. டிசம்பர் 16 முதல் வழக்கமான சுற்றுக்குத் திரும்பிவிடுவேன்.*

*காரணம், ஜனவரி 5 அன்று நடக்கும் சென்னை மாரத்தானுக்கான பயிற்சி. இந்த நான்கு வாரங்களில்தான் தூரம் அதிகம். சென்ற ஆண்டு சுழற்சி ஷிஃப்ட்டில் தூக்கம் குறைந்து ஓடியதில் காலில் காயம் ஏற்பட்டது.*

*என் காலை ஷிஃப்ட்களையும் லேட் ஷிஃப்ட்களையும் பார்த்துக்கொள்ள இருவர் சம்மதித்துள்ளனர். அவர்களுக்கும் இந்த மெயிலின் நகல் அனுப்பியுள்ளேன். இதற்கு ஈடாகப் பொங்கல் மூன்று நாளும் லேட் ஷிஃப்ட்டை நான் பார்க்கிறேன்.*

*புயல், வெள்ளம் போன்ற பெரிய செய்தி வந்தால், எந்த நேரத்திலும் வருவேன். அதனால் தவறும் ஓட்டத்துக்கு மாற்று நாள் கேட்க மாட்டேன். முதல் வாரம் முடிந்ததும் நீங்கள் பார்த்து, வேலையில் குறை தெரிந்தால் நிறுத்திவிடலாம்.*

*இப்படிக்கு...*

கனவு, வாழ்க்கை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டை இணைக்கலாமா என்று யோசித்தேன். பயிற்சி அண்ணா வேண்டாம் என்றார். “அதைப் பார்த்தா, ‘அப்ப ஓடாதேன்’னுதான் யாருக்கும் தோணும்!” காயம் ஒரு வரியோடு நின்றது. புயல் வரியை எழுதும்போது மட்டும் கை தயங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சென்னையில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு வாக்குக் கொடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால், அது இல்லாமல் சார் கையெழுத்துப் போட மாட்டார் என்று தெரியும்.

மறுநாள் பதில் வந்தது. ‘ஓகே. முதல் வாரம் பார்ப்போம்.’

முதல் வாரம் பிரமாதம். 28 கிலோமீட்டர் ஓடி முடித்து, மூன்று மணிக்கு டெஸ்க்கில் உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகும்போது மட்டும் வாத்து மாதிரி நடந்தேன். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பைக் குறித்துவைப்பேன். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி, இரண்டு மூன்று நாள் இறங்காமல் இருந்தால் உடம்புக்கு ஓய்வு போதவில்லை என்று அர்த்தம். போன வருடம் லேட் ஷிஃப்ட் வாரங்களில் அது இறங்கியதே இல்லை. இந்த முறை செவ்வாய்க்கிழமையே பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் ஃபெஞ்சல் புயல்.

நவம்பர் 30, சனிக்கிழமை. காலை 6 மணிக்கு ஷிஃப்ட்டுக்குப் போனவள், ஞாயிறு காலைதான் வெளியே வந்தேன். அன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. லைவ் பக்கத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். மதியம் ஒரு மணி வாக்கில் சார் என் சீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்றார். “இருக்கேன் சார்” என்றேன். அவ்வளவுதான். ஞாயிறு வீட்டுக்குப் போய் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு மறுபடி வந்தேன். அன்று மாலைதான் திருவண்ணாமலையில் மண் சரிந்து வீடுகள் புதைந்த செய்தி வந்தது. 30 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஒன்று இருந்ததே எனக்கு நினைவில்லை.

புதன்கிழமைதான் நினைவு வந்தது. உடனே பழைய புத்தி. வெள்ளிக்கிழமை 30 ஓடிவிட்டு, ஞாயிறு 24 ஓடிவிட்டால் கணக்கு நேராகிவிடுமே! பயிற்சி அண்ணா போனிலேயே கத்தினார். “போன வருஷம் இதைத்தானே பண்ணின? போனது போனதுதான்.” 24 ஓட வேண்டிய ஞாயிறு 28, கடைசி ஞாயிறு 32-க்குப் பதில் 30 என்று மாற்றிக்கொடுத்தார். 32 கிலோமீட்டரை நான் ஓடவே இல்லை. கடிதத்தில் எழுதியபடி, சாரிடம் மாற்று நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்காததில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

நாலாவது வாரம், டிசம்பர் 12 மாலை, சரியாக ஆறு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆகிற நேரம். நம்ம சென்னைப் பையன்! செஸ் சாம்பியன்ஷிப் என் கடிதத்தின் ‘பெரிய செய்தி’யில் வருமா என்று யோசிப்பதற்குள், பை தானாகக் கீழே இறங்கிவிட்டது. அன்று கிளம்ப ஒன்பது மணி ஆனது.

ஜனவரி 5 அன்று 5 மணி 19 நிமிடத்தில் ஓடி முடித்தேன். 33-வது கிலோமீட்டரில் கால் கல்லானது. ஓடிப் பழகாத தூரம் அது. அங்கிருந்து பாதி ஓட்டம், பாதி நடை. கெண்டைக்கால் எலும்பு வலிக்கவில்லை. மறுநாள் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

பொங்கல் மூன்று நாளும் லேட் ஷிஃப்ட். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று காளைகளோடே போனது. தேனித் தம்பி ஊரிலிருந்து கரும்போடு செல்ஃபி அனுப்பினான். அவனுக்குப் பரவாயில்லை. ஆனால், டிசம்பர் 16 முதல் நான் வழக்கமான சுற்றுக்குத் திரும்பியபோது, அக்காவும் திரும்ப வேண்டியதாகிவிட்டது. நாலு வாரம் காலை ஷிஃப்ட், பிறகு மறுபடி லேட். முடிவு தேதி போட்டதால்தான் என் கடிதம் ஓகே ஆனது. அந்தத் தேதி அவருக்கும் சேர்த்து முடிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அலங்காநல்லூர் அன்று அக்கா காலை ஷிஃப்ட் முடிந்தும் கிளம்பவில்லை. என் வரவுக்காகக் காத்திருந்தார். “உன் லெட்டரைக் காட்டேன். நானும் அதே மாதிரி எழுதறேன்” என்றார். என் சிஸ்டத்தில் திறந்துவைத்தோம். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“எத்தனை நாள்னு முதல்ல போடணும்ல? நான் என்னடி போடறது? பிள்ளை வளர்ற வரைக்கும்னா?”

எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, ‘ஏப்ரல் 15 வரை மூன்று மாதங்களுக்கு’ என்று அடித்தேன். அழித்தார். ‘ஆறு மாதங்களுக்கு’ என்று அவரே மாற்றினார். பிறகு அதையும் அழித்துவிட்டு, மணியைப் பார்த்தார். மூன்றாகப் பத்து நிமிடம். மாமியார் போன் வந்துவிட்டது. “டிராஃப்ட்ல போட்டு வை. நாளைக்கு வந்து முடிக்கிறேன்” என்று ஓடினார்.

தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மிச்சத்தை அடித்துவைத்தேன். எதிரே டி.வி-யில் அடுத்த காளையை அவிழ்த்துவிட்டார்கள்.